412 பேர் லிஸ்டில் 60 பேர்: எண் எடுப்பதும், எடுத்தபின் கதவைத் தட்டுவதும்

கேள்வி: வேலூரில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுக் கடனை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வரிசை எண் போட்ட 412 பேர் லிஸ்ட் கிடைத்திருக்கிறது. 60 பேரை ராண்டமாக எடுக்கச் சொல்கிறார் கைடு. ஒவ்வொரு ஏழாவது பெயரையும் எடுத்தால் அது ராண்டம்தானா? வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்கு அரை மணி நேரத்தில் வழி சொல்லிவிடலாம். இரண்டாவதை நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் ஆய்வு நிற்பதும் விழுவதும் அதில்தான். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், அதாவது 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் பிரிவதற்கு முன்பே, கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்தவன் நான். லிஸ்டில் எண் எடுப்பதில் தப்பு செய்தவர்களைவிட, சரியாக எடுத்துவிட்டு ஊருக்குள் போய் அதைக் கெடுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழாவது பெயர். 1 முதல் 7 வரை ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அங்கிருந்து ஏழேழாகத் தாண்டிப் போவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். பாடப்புத்தகத்தில் முறைசார்ந்த மாதிரி என்று இருக்கும். ஆனால் லிஸ்ட் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் அதில் இறங்கக் கூடாது. சுய உதவிக் குழு லிஸ்ட் பெரும்பாலும் குழு குழுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் முதல் பெயர் ஊக்குநர், அடுத்த இரண்டும் பிரதிநிதிகள், அதற்கப்புறம் மற்ற உறுப்பினர்கள். இப்போது எல்லாக் குழுவிலும் சரியாக 14 பேர் என்று வைத்துக்கொள்வோம். 14 என்பது இரண்டு ஏழு. நீங்கள் 1-ல் தொடங்கினால் 1, 8, 15, 22 என்று போகும். 1 முதல் குழுவின் ஊக்குநர், 15 இரண்டாவது குழுவின் ஊக்குநர், 29 மூன்றாவது குழுவின் ஊக்குநர். முடிவில் உங்கள் சாம்பிளில் பாதிப்பேர் ஊக்குநர்கள். லிஸ்டில் அவர்கள் 14-ல் ஒருவர்தான். 2-லோ 3-லோ தொடங்கினால் பாதிப்பேர் பிரதிநிதிகள். 4, 5, 6, 7 எதில் தொடங்கினாலும் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண்கூட வரமாட்டார். கடனை யார் எப்படிச் செலவழித்தார்கள் என்று கேட்கும் ஆய்வில், பாஸ்புக்கைக் கையில் வைத்திருப்பவர் பாதி வருவதும் ஒருவர்கூட வராததும் இரண்டுமே ஆபத்து.

உங்கள் லிஸ்டில் குழுக்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்காது என்பது உண்மை. 12 பேர் குழுவும் இருக்கும், 18 பேர் குழுவும் இருக்கும், அதனால் இந்தத் தாளம் கொஞ்சம் கலைந்துவிடும். எவ்வளவு கலையும் என்பது அந்த லிஸ்டைப் பொறுத்தது, பொதுவாகச் சொல்ல முடியாது. இன்னொரு சின்ன விஷயம், ஏழு ஏழாகத் தாண்டினால் 412-ல் 59 பேர் வருவார்கள், 7-ல் தொடங்கினால் 58. அறுபது வராது. இவ்வளவு யோசனையும் தேவையில்லாதபடி நேரடியாகக் குலுக்கல் போட்டு எடுப்பதே மேல். 400 பேர் லிஸ்டுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

குலுக்குவதற்கு முன்னால் லிஸ்டைச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் ஒரு சாயங்காலம் போகும், போகட்டும். முதலில் பார்க்க வேண்டியது ஒரே பெண் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்பது. ஒரு குழுவிலிருந்து விலகி வேறு குழுவில் சேர்ந்தவர் பெயர் பழைய குழுவிலும் அப்படியே இருக்கும். ஒரு இடத்தில் அப்பா இன்ஷியல், இன்னொரு இடத்தில் கணவர் இன்ஷியல் என்றும் இருக்கும். இரண்டு முறை வந்தவருக்கு மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. எனவே முதலில் வரும் பெயரை வைத்துக்கொண்டு இரண்டாவதை அடித்துவிடுங்கள். எந்தப் பெயரை அடிப்பது என்ற விதியை முன்கூட்டியே வைத்துக்கொண்டு லிஸ்ட் முழுக்க அதையே பின்பற்ற வேண்டும். இறந்தவர்கள், கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், பெங்களூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர்கள் ஆகியோரையும் ஊக்குநர்களிடம் விசாரித்து நீக்கலாம். உதாரணத்துக்கு இப்படி 17 பேர் போய் 395 மிஞ்சியது என்று கொள்வோம். இப்போது 1 முதல் 395 வரை இடைவெளி இல்லாமல் புதிதாக எண் போடுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் ஒரு பத்தியில் வைத்திருங்கள், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம்.

நீக்குவதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. லிஸ்ட் தயாரான பிறகு ஆரம்பித்த குழுக்கள் அதில் இருக்கவே இருக்காது. அவர்களைச் சேர்க்க முடிந்தால் குலுக்கலுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் அவர்களைப் பற்றி உங்கள் ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதேபோல ஒரு ஊராட்சி லிஸ்டை வைத்துக்கொண்டு தலைப்பில் ‘குடியாத்தம் வட்டப் பெண்கள்’ என்று போடக் கூடாது. லிஸ்டில் யார் இருந்தார்களோ அவர்களைப் பற்றித்தான் பேச முடியும்.

சரி, குலுக்கல். கண்ணை மூடிக்கொண்டு லிஸ்டில் விரலை வைப்பது குலுக்கல் ஆகாது. விரல் தாளின் நடுப்பக்கம்தான் போகும், முதல் வரியும் கடைசி வரியும் தப்பித்துவிடும். மனதில் தோன்றும் எண்களைச் சொல்வதும் அப்படித்தான். மனிதர்கள் சொல்லும் எண்களில் அடுத்தடுத்து 212, 213 வரவே வராது. உண்மையான குலுக்கலில் அது தாராளமாக வரும்.

சீட்டு எழுதிப் போட்டு எடுக்கலாமா என்றால், ஒழுங்காகச் செய்தால் அதில் குற்றமில்லை. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டிலேயே குடவோலை போட்டுத்தான் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தார்கள். ஓலைகளைக் குடத்தில் போட்டுக் கலக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதாகக் கல்வெட்டு சொல்கிறது. எடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் வழியே இருக்கக் கூடாது என்பதை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். சீட்டு முறையின் பலவீனம் கலக்குவதில் இருக்கிறது. 1969 டிசம்பரில் அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்கும் வரிசையைப் பிறந்த தேதிக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். 366 தேதிகளை 366 குப்பிகளில் போட்டார்கள். ஆனால் மாத வரிசையில் போட்ட குப்பிகள் சரியாகக் கலக்கவில்லை. வருடக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்கு முதலில் அழைக்கப்படும் எண்கள் அளவுக்கு மிஞ்சி விழுந்ததைப் புள்ளியியலாளர்கள் பிறகு காட்டினார்கள். நாடே பார்த்த குலுக்கலில் 366 குப்பிக்கே இந்தக் கதி என்றால், 395 சீட்டை எவர்சில்வர் குடத்தில் நாலு உலுக்கு உலுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் புத்தகத்தின் பின்னால் இருக்கும் சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பயன்படுத்தினால், 395 மூன்று இலக்கம் என்பதால் மூன்று மூன்று இலக்கமாகப் படிக்க வேண்டும். எந்த வரியில் தொடங்குவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். வரி 27184 90356 48 என்று போனால் 271, 849, 035, 648 என்று படிப்பீர்கள். 271 லிஸ்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். 849 இல்லை, விட்டுவிடலாம். 035 என்பது 35. 648-ஐயும் விட்டுவிடலாம்தான், ஆனால் இப்படி விட்டுக்கொண்டே போனால் பத்தில் ஆறு எண் வீணாகும். அதனால் 401 முதல் 795 வரை வந்தால் 400-ஐக் கழித்துக்கொள்வது வழக்கம், 648 என்றால் 248. ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்போது சரியாக இரண்டு எண்கள். ஆசை தாங்காமல் 800-க்கு மேல் வருவதற்கும் 800-ஐக் கழித்துவிடாதீர்கள். 801 முதல் 999 வரை 199 எண்கள்தான் இருக்கின்றன. அப்படிச் செய்தால் லிஸ்டின் முதல் 199 பேருக்கு மூன்று எண்களும் மீதிப்பேருக்கு இரண்டு எண்களும் கிடைக்கும். இந்தத் தப்பை ஆய்வேடுகளில் யாரும் கண்டுபிடிப்பதில்லை, ஏனென்றால் வெளியே பார்த்தால் எல்லாம் எண் அட்டவணையில் எடுத்த மாதிரியே இருக்கும். வந்த எண்ணே திரும்ப வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

எக்செல் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பெயருக்குப் பக்கத்து பத்தியில் கீழே உள்ளதை எழுதி 395 வரிக்கும் இழுத்துவிடுங்கள்.

```
=RAND()
```

அடுத்து அந்தப் பத்தியை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்பு மட்டும் இருக்கும்படி ஒட்ட வேண்டும். இந்தப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒட்டாமல் விட்டால் தாளில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று எடுத்த சாம்பிளை இன்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது. பிறகு முழு அட்டவணையையும் சேர்த்துத் தேர்வு செய்து, அந்த எண்ணின் வரிசைப்படி அடுக்குங்கள். ஒரே பத்தியை மட்டும் அடுக்கினால் எண்கள் நகரும், பெயர்கள் அங்கேயே நிற்கும், குலுக்கியும் குலுக்காத மாதிரிதான். அடுக்கி முடித்ததும் மேலே இருக்கும் 60 பேர் உங்கள் சாம்பிள். 1-க்கும் 395-க்கும் இடையில் ஒரு எண் கொடு என்று 60 முறை கேட்கும் RANDBETWEEN வழியும் உண்டு. ஆனால் அதில் நான்கைந்து எண்கள் திரும்ப வருவது சாதாரணம், ஒன்றுகூடத் திரும்ப வராமல் இருப்பது நூற்றில் ஒரு தடவைதான் நடக்கும். அதனால் அடுக்கும் வழியே நல்லது.

கணினி தெரிந்த தோழி யாராவது இருந்தால் பைத்தானில் மூன்று வரிதான்.

```
import random
random.seed(20731)
print(random.sample(range(1, 396), 75))
```

இரண்டாவது வரியில் இருக்கும் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓட்டுவதற்கு முன்பே கைடு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள். அதே எண்ணைப் போட்டு யார் ஓட்டினாலும் அதே லிஸ்ட் வரும் என்பதுதான் இதன் பயன். 60-க்குப் பதில் 75 கேட்டிருக்கிறேன், காரணம் கீழே வரும். வந்த வரிசையை மாற்றாமல் முதல் 60-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் வந்ததும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். சில குழுக்களிலிருந்து ஐந்து பேர், சில குழுக்களிலிருந்து ஒருவருமே இல்லை. ‘இது ராண்டமா இல்லையே சார்’ என்று மாணவர்கள் ஓடி வருவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 13 பேர் வீதம் 30 குழுக்கள் இருக்கும் லிஸ்டில் 60 பேரை எடுத்தால் மூன்று குழுக்களாவது விடுபட்டுப் போவதுதான் இயல்பு. குலுக்கல் என்றால் அப்படித்தான், ஒரு இடத்தில் குவிந்தும் இன்னொரு இடத்தில் காலியாகவும் வரும். பிடிக்கவில்லை என்று மறுபடி குலுக்கினால், மனதுக்குப் பிடித்த லிஸ்ட் வரும்வரை குலுக்குவீர்கள், அப்போது தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். எல்லாக் குழுவிலிருந்தும் ஆள் வேண்டும் என்றால், குலுக்கலுக்கு முன்பே குழுவுக்கு இரண்டு பேர் என்று முடிவு செய்து ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கலாம். அதுவும் நல்ல முறை. ஆனால் 12 பேர் குழுவில் ஆறில் ஒருவருக்கு வாய்ப்பு, 18 பேர் குழுவில் ஒன்பதில் ஒருவருக்கு என்று ஆகிவிடும், சதவீதம் போடும்போது அதற்கேற்ப எடை கொடுக்க வேண்டும். முதல் ஆய்வுக்கு அது தேவையில்லாத தலைவலி என்பது என் அபிப்பிராயம், வேறுமாதிரி சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி அந்தக் கதவு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமத்தில் 20 வீடுகள் கொடுத்தார்கள். இரண்டே நாளில் இருபதையும் முடித்து, படிவங்களை அடுக்கிக் கட்டிக் கொண்டுபோய் வைத்தேன். மேற்பார்வையாளர் படிவங்களைப் பிரிக்கக்கூட இல்லை. ‘ஏம்ப்பா, கதிர் அறுக்கிற மாசத்துல இருபது வீட்டுல ஒரு வீடுகூடவா பூட்டியிருக்கல?’ என்று கேட்டார். ஆறு வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் கேட்டு எழுதியிருந்தேன். அந்த ஆறு படிவத்தையும் கிழித்துவிட்டு மறுபடி பஸ் ஏற்றினார். இப்போதும் ஒரு ஆய்வேட்டில் 60 பேரைத் தேர்ந்தெடுத்தேன், 60 பேரும் பதில் சொன்னார்கள் என்று படித்தால் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன கெட்டுப்போகிறது என்று உங்கள் ஊரை வைத்தே பார்க்கலாம். நீங்கள் கல்லூரி முடிந்தோ லீவு போட்டோ காலை 11 மணிக்குத் தெருவில் நிற்பீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யார்? திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுபவர், கைக்குழந்தைக்காரர், வயதானவர். இல்லாதவர் யார்? விடிகாலையில் ஷூ கம்பெனி வேன் ஏறி ஆம்பூர் பக்கம் போனவர், நூறு நாள் வேலைக்குப் போனவர், டவுனில் கடை வேலைக்குப் போனவர். இந்த இரண்டு வகைப் பெண்களின் பணக்கணக்கு ஒன்றாக இருக்காது. கம்பெனிக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, குழுக் கடனை நகை மீட்கவோ வீட்டு வேலைக்கோ மொத்தமாகப் போடக்கூடும். பீடி சுற்றுபவருக்கு வாரக் கூலி, கடன் அரிசி பருப்புக்கும் பழைய கடன் வட்டிக்கும் கரையக்கூடும். நான் சொல்வது ஊகம்தான், அது உண்மையா என்று கண்டுபிடிக்கத்தானே நீங்களே ஆய்வு செய்கிறீர்கள். ஆனால் பக்கத்து வீட்டு முறை அந்த வித்தியாசத்தை நீங்கள் பார்க்கும் முன்பே அழித்துவிடும்.

கற்பனைக் கணக்கு ஒன்று போடுவோம். 395 பேரில் பத்துக்கு ஆறு பேர் பகலில் வீட்டில் இருப்பவர்கள், நான்கு பேர் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் இருப்பவர்களில் 80 சதவீதம் கடனை வீட்டுச் செலவுக்குப் போட்டவர்கள், வேலைக்குப் போகிறவர்களில் 40 சதவீதம்தான். மொத்தமாகப் பார்த்தால் உண்மை 64 சதவீதம். பூட்டிய வீட்டுக்குப் பதில் ஆள் இருக்கும் வீட்டில் கேட்டுக்கொண்டே போனால் உங்களுக்குக் கிடைப்பது 80-க்குப் பக்கம். பதினாறு புள்ளி பிசகு. இதைக் குலுக்கலில் வரும் பிசகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 395-ல் 60 பேரை ஒழுங்காக எடுத்தால், பாதிப்பேர் ஆமாம் சொல்லும் ஒரு கேள்வியில் கூடக்குறைய 12 புள்ளிக்குள் விடை இருக்கும், நூறு தடவை எடுத்தால் சுமார் 95 தடவை. 120 பேர் எடுத்தால் அது ஏழரைப் புள்ளியாகக் குறையும். ஆனால் பக்கத்து வீட்டால் வந்த 16 புள்ளி 120 பேர் எடுத்தாலும் 200 பேர் எடுத்தாலும் அப்படியே இருக்கும். ஆள் கூடக் கூட, தப்பான விடையில் உங்களுக்கு நம்பிக்கைதான் கூடும்.

எனவே பக்கத்து வீடு வேண்டாம். அதற்குப் பதில் ஒரே ஆளைத் தேடி மூன்று தடவை போங்கள், மூன்றும் வேறு வேறு நேரத்தில். ஒன்று பகலில், ஒன்று கம்பெனி வேன் திரும்பிய பிறகு சாயங்காலம் ஏழு மணி வாக்கில், ஒன்று ஞாயிற்றுக்கிழமை. இருட்டியபின் தனியாகப் போகாதீர்கள், உடன் படிக்கும் யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். குழுக் கூட்டம் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டால், தேடுகிற ஆளை அங்கே பார்த்து நேரம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பேட்டியைக் கூட்டத்தில் வைத்து எடுக்காதீர்கள், மற்ற பெண்கள் காதில் விழும்படி கடன் கணக்கை யாரும் உண்மையாகச் சொல்லமாட்டார்கள்.

ஊக்குநர் உதவி செய்கிறேன் என்று கூட வருவார். வரவேண்டும், வழி அவருக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் லிஸ்டைப் பார்த்ததும், ‘அந்தம்மா வேணாம்மா, சரியா பேசமாட்டாங்க, நான் நல்லா பேசற ஆளா காட்டறேன் வா’ என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். நன்றாகப் பேசுபவர் பெரும்பாலும் கடனை ஒழுங்காகக் கட்டுபவர், கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர். தவணை பாக்கி வைத்து ஊக்குநரோடு மனத்தாங்கல் உள்ளவர்தான் சரியாகப் பேசாதவர். ‘காலேஜ்ல இந்தப் பேரைத்தான் பார்க்கணும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க அக்கா, மாத்தினா எனக்கு மார்க் போடமாட்டாங்க’ என்று சொல்லிவிடுங்கள். பழியைக் காலேஜ் மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. பேட்டி நடக்கும்போது அவர் வாசலோடு நின்றுவிடுவதும் நல்லது.

ஒரு தாளில் 60 பேருக்கும் ஒரு வரி வீதம் போட்டு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன ஆயிற்று என்று அன்றன்றைக்கே எழுதிக்கொண்டு வாருங்கள். பூட்டியிருந்தது, ஆள் வெளியே, பேச மறுத்தார், லிஸ்டில் தவறு, முடிந்தது, இந்த ஐந்து போதும். லிஸ்டில் தவறு என்பது நீங்கள் சுத்தம் செய்தபோது தப்பித்துப் போனவர்களுக்கு. போய்க் கேட்டால் ஆறு மாதம் முன்பே ஊரை விட்டுப் போயிருப்பார். அவர் உங்கள் ஆய்வு வட்டத்திலேயே இல்லை, அவருக்குப் பதில் 61-வது எண்ணை எடுத்துக்கொள்வதில் எந்தப் பழுதும் இல்லை. 75 எண் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

மூன்று தடவை போயும் கிடைக்காதவர், பேச மறுத்தவர், இவர்களுக்குப் பதிலும் 61-லிருந்து எடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எடுத்தால் எண்ணிக்கை நிரம்பும், ஆனால் கிடைக்காதவரின் இடத்துக்குக் கிடைக்கிறவர்தான் வருகிறார் என்பதால் சாய்வு போகாது. பக்கத்து வீட்டைவிட இது மேல், ஏனென்றால் யாரைப் பார்ப்பது என்று நீங்களோ ஊக்குநரோ முடிவு செய்யவில்லை. நான் எடுக்கமாட்டேன். 60 பேரில் 52 பேரைப் பார்த்தேன் என்று எழுதுவது 60-ம் முடிந்தது என்று எழுதுவதைவிட எனக்கு நிம்மதி. உங்கள் கைடு 60 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் எடுங்கள், ஆனால் வரிசையை மீறாமல் 61, 62 என்று எடுத்து, எத்தனை பேர் அப்படி வந்தவர்கள் என்று ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே 75 வீட்டுக்கும் கிளம்பி, முதலில் கிடைக்கும் 60 பேரோடு நிறுத்திக்கொள்வது மட்டும் வேண்டாம். அது மறுபடி பகல் 11 மணிக்கு வீட்டில் இருக்கும் 60 பேர்தான்.

வருகைத் தாள் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்து பார்க்க முடியும். முதல் தடவையிலேயே கிடைத்தவர்களின் பதிலை ஒரு பக்கமும், இரண்டாம் மூன்றாம் தடவையில் கிடைத்தவர்களின் பதிலை இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள். வீட்டுச் செலவு என்று சொன்னவர்கள் ஒரு பக்கம் 32-ல் 25, இன்னொரு பக்கம் 20-ல் 9 என்று வந்தால், கடைசிவரை கிடைக்காத எட்டுப் பேரும் இரண்டாவது பக்கத்தைப் போலத்தான் இருக்கக்கூடும். 52-ல் 34 என்று, அதாவது 65 சதவீதம் என்று நீங்கள் போடும் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று அதே பக்கத்தில் எழுதிவிடலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்தப் பயம் குறையும், முழுக்கப் போகாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இது ஒரு ஜாடைதான், நிரூபணம் இல்லை.

ஆய்வேட்டில் முறையைப் பற்றி எழுதும் இடத்தில் பெரிய பெரிய வார்த்தைகள் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: ‘ஊராட்சியின் உறுப்பினர் பட்டியலில் 412 பெயர்கள் இருந்தன. இரட்டைப் பதிவுகளும் ஊரில் இல்லாதவர்களுமாக 17 பெயர்கள் நீக்கப்பட்டு, மீதி 395 பெயர்களுக்குப் புதிய எண் இடப்பட்டது. கணினி வழி சமவாய்ப்பு முறையில் 60 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொருவரும் அதிகபட்சம் மூன்று முறை வெவ்வேறு நேரங்களில் சந்திக்க முயலப்பட்டனர். 52 பேரைச் சந்திக்க முடிந்தது. ஐந்து பேர் கிடைக்கவில்லை, மூவர் மறுத்தனர். மாற்று ஆள் எடுக்கப்படவில்லை.’ எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் உள்ள லிஸ்டை மட்டும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்காதீர்கள், எண் போதும். கடன்பட்ட பெண்களின் பெயர்கள் அவை, ஆய்வேடு நூலகத்தில் யார் கையிலும் கிடைக்கும்.

வைவாவில் ஏன் 52 என்று கேட்டால் அந்த வருகைத் தாளை எடுத்து மேசைமேல் வையுங்கள்.